கடையில் பாசி நிறம், வீட்டில் சாம்பல்: பக்கத்து நிறம் செய்யும் வேலை

கோலா தெர்லாவில் இருந்து தீபாவளித் துணி எடுக்க ஈப்போவுக்குப் போவது சின்ன வேலை இல்லை. ஒரு நாள் விடுப்பு வேண்டும், கம்போங் ராஜா வழியாக சிம்பாங் பூலாய் சாலையில் மலை இறங்க வேண்டும், மாலைப் பனி மூடுவதற்குள் திரும்ப ஏற வேண்டும். வாங்கிய துணி வீட்டில் பிரித்துப் பார்க்கும்போது நிறம் வேறாகத் தெரிந்தால், மாற்றுவதற்கு இன்னொரு நாள் சம்பளம் போகும். அதனால்தான் பலர் "கடை லைட்டுல ஏமாந்துட்டோம்" என்று சொல்லிவிட்டு, பிடிக்காத துணியையே உடுத்திக்கொள்கிறார்கள்.

கடை விளக்கு சில நேரம் காரணம்தான். ஆனால் விளக்கே மாறாமல், துணியும் மாறாமல், நிறம் மட்டும் மாறித் தெரிவது உண்டு. அதற்குக் காரணம் பக்கத்தில் இருக்கும் இன்னொரு நிறம்.

ஒரு சேலை, இரண்டு ரவிக்கை

எங்கள் வரிசையில் ஓர் அக்கா போன தீபாவளிக்கு ஒரு பட்டுச் சேலை எடுத்தார். உடல் முழுக்க வெளிறிய சாம்பல், கரை இரண்டு பக்கமும் அகலமான அரக்குச் சிவப்பு. கடையில் விரித்துக் காட்டியபோது அந்தச் சாம்பல், லேசாகப் பாசி கலந்த சாம்பலாகத் தெரிந்தது. அந்தப் பாசி நிறத்துக்காகவே அவர் அதை எடுத்தார்.

சேலையைப் பையில் போட்டுக்கொண்டு, ரவிக்கைத் துணிக்காக அடுத்த கடைக்குப் போனார். பையைப் பிரிக்காமல், கண்ணில் நின்ற அந்தப் பாசிச் சாம்பலை நினைத்துக்கொண்டே ஒரு துணியைத் தேர்ந்தெடுத்தார். வீட்டுக்கு வந்து இரண்டையும் பக்கத்தில் வைத்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது. ரவிக்கைத் துணி நல்ல பச்சையாக இருந்தது. சேலையோ பாசியும் இல்லை, பச்சையும் இல்லை. அழுக்குப் பிடித்த மாதிரி கொஞ்சம் ரோஸ் ஓடிய சாம்பலாக இருந்தது. "சேலையையே மாத்தி வச்சுட்டாங்களோ?" என்றுகூட அவருக்குச் சந்தேகம் வந்தது.

தையல்கார அக்காதான் சந்தேகத்தைத் தீர்த்து வைத்தார். சேலையை மடித்து, சிவப்புக் கரையை உள்ளே தள்ளினார். மீதி ஓரங்களை வெள்ளைத் தாளால் மறைத்து, நடுவில் உள்ள துணியை மட்டும் காட்டினார். சுத்தமான சாம்பல். பாசியும் இல்லை, ரோஸும் இல்லை. பிறகு வெள்ளைத் தாளை எடுத்துவிட்டுக் கரையை விரித்தார். சாம்பலில் பாசி திரும்ப வந்தது. கரையை மறைத்துப் பச்சை ரவிக்கைத் துணியைச் சாம்பல்மேல் போட்டார், ரோஸ் வந்தது.

சேலையை யாரும் மாற்றவில்லை. கடையில் பக்கத்தில் இருந்தது சிவப்பு. சிவப்பு அந்தச் சாம்பலைப் பச்சைப் பக்கம் தள்ளியது. வீட்டில் பக்கத்தில் வந்தது பச்சை. அது அதே சாம்பலைச் சிவப்புப் பக்கம் தள்ளியது. அக்கா பொருத்தம் பார்த்து வாங்கிய நிறம் துணியில் இருந்த நிறமே அல்ல. அது அவர் கண்ணுக்குள் உண்டான நிறம். அதற்கு நிகரான சாயத்தை இன்னொரு துணியில் தேடினால் கிடைப்பது உண்மையான பச்சைதான்.

பாரிஸ் சாயப் பட்டறையில் வந்த புகார்

இதே சிக்கல் ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு முன்பு பாரிஸ் நகரில் ஒரு வேதியியல் அறிஞரின் மேசைக்கு வந்தது. அவர் பெயர் மிஷேல் எழேன் செவ்ரல். 1824-இல் அவர் கோபலன் என்ற அரசு நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாளரானார். சுவரில் தொங்கவிடும் பெரிய சித்திரக் கம்பளங்களை நெய்யும் இடம் அது.

அங்கே நெசவாளர்கள் ஒரு புகார் வைத்திருந்தார்கள். நீலத் துணி, ஊதாத் துணி ஆகியவற்றின் மடிப்பில் நிழல் காட்டுவதற்குக் கறுப்பு நூல் போட்டால், அந்தக் கறுப்புக்கு அழுத்தமே இல்லை; சாயம் மோசம் என்றார்கள். செவ்ரல் வேதியியல்காரர் என்பதால் முதலில் சாயத்தைத்தான் சோதித்தார். வேறு பட்டறைகளின் கறுப்புக் கம்பளி நூலை வரவழைத்து, தங்கள் நூலோடு ஒப்பிட்டார். சாயத்தில் குறை இல்லை. கறுப்பு மங்கித் தெரிந்ததற்கு அதன் பக்கத்தில் இருந்த நீலமும் ஊதாவுமே காரணம் என்று கண்டுகொண்டார்.

அவர் சொன்ன இன்னொரு சம்பவம் துணி வியாபாரிகளுக்கு இன்றும் பொருந்தும். சிவப்பு, ஊதா, நீலம் ஆகிய துணிகளில் கறுப்புப் பூவேலை அச்சடிக்கச் சொல்லிக் கொடுத்தவர்கள், அச்சு முடிந்ததும் தகராறு செய்தார்கள். சிவப்புத் துணியில் இருந்த கறுப்பு பச்சையாகவும், ஊதாவில் இருந்தது பச்சை கலந்த மஞ்சளாகவும், நீலத்தில் இருந்தது செம்பு நிறமாகவும் இருக்கிறது என்றார்கள். செவ்ரல் வெள்ளைத் தாளை அந்தப் பூவேலையின் வடிவத்துக்கே வெட்டி, துணியின் நிறத்தை மட்டும் மறைத்தார். மூன்றிலும் கறுப்பு கறுப்பாகவே இருந்தது. எங்கள் தையல்கார அக்கா செய்த அதே சோதனை!

பல ஆண்டுகள் இதை ஆராய்ந்து 1839-இல் அவர் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார். அதன் சாரம் எளிது. இரண்டு நிறங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், ஒவ்வொன்றும் மற்றதைத் தன்னிடமிருந்து எவ்வளவு முடியுமோ அவ்வளவு விலக்கிக் காட்டும். வெளிறியதன் பக்கத்தில் அடர்ந்தது இன்னும் அடர்ந்து தெரியும். சிவப்பின் பக்கத்தில் இருப்பது நீலம் ஓடிய பச்சையை நோக்கிப் போகும். பச்சையின் பக்கத்தில் இருப்பது ரோஸை நோக்கிப் போகும். நீலத்தின் பக்கத்தில் இருப்பது மஞ்சள், ஆரஞ்சு பக்கம் சாயும். மஞ்சளின் பக்கத்தில் இருப்பது நீலம், ஊதா பக்கம் சாயும்.

கண் ஏன் இப்படிச் செய்கிறது?

கண் ஒரு கேமரா போல ஒவ்வொரு புள்ளியின் ஒளியையும் தனித்தனியாக எழுதி மூளைக்கு அனுப்புவதில்லை. விழித்திரையில் உள்ள செல்கள் அக்கம்பக்கத்துச் செல்களோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் செய்தி அனுப்புகின்றன. ஒரு செல் பலமாகத் தூண்டப்பட்டால், பக்கத்துச் செல்லின் செய்தியை அது கொஞ்சம் அமுக்கிவிடுகிறது.

இதை முதலில் தெளிவாக அளந்து காட்டியவர் அமெரிக்காவின் ஹால்டன் கெஃபர் ஹார்ட்லைன். அவர் ஆராய்ந்தது குதிரைலாட நண்டின் கண்ணை. நம் ஊர்க் கடலோரங்களில் பெலாங்காஸ் என்று சொல்கிறார்களே, அதன் அமெரிக்க உறவு. அந்தக் கண்ணின் ஒரு பகுதியில் ஒளி பட்டால், பக்கத்துப் பகுதியின் நரம்புச் செய்தி குறைவதை அவர் கண்டார். கண் பற்றிய ஆராய்ச்சிக்காக 1967-இல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்து வழங்கப்பட்டது.

சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். இந்த எண்கள் விளக்கத்துக்காக மட்டும். ஒரு சாம்பல் துணி 50 பங்கு ஒளி தருகிறது என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து நிறத்தின் ஒளியில் ஐந்தில் ஒரு பங்கைக் கண் கழித்துவிடுகிறது என்போம். சுற்றிலும் 90 பங்கு ஒளி தரும் வெள்ளை இருந்தால், 50-இல் 18 போய் 32 மிஞ்சும். சுற்றிலும் 10 பங்கு தரும் கறுப்பு இருந்தால், 50-இல் 2 போய் 48 மிஞ்சும். துணி ஒன்றுதான், வெள்ளைக்கு நடுவில் அடர்ந்த சாம்பல், கறுப்புக்கு நடுவில் வெளிறிய சாம்பல்.

நிறத்துக்கும் இதே கழித்தல்தான். பார்வை மண்டலம் நிறத்தை இரண்டு தராசுகளில் நிறுக்கிறது. ஒன்றில் ஒரு தட்டு சிவப்பு, மறு தட்டு பச்சை. இன்னொன்றில் ஒரு தட்டு மஞ்சள், மறு தட்டு நீலம். சுற்றிலும் சிவப்பு நிறைந்திருந்தால், நடுவில் இருப்பதன் சிவப்புத் தட்டில் இருந்து கொஞ்சம் எடுத்துவிடுகிறது. சாம்பலில் இரண்டு தட்டும் சமமாக இருந்தன. சிவப்புத் தட்டு லேசாகிவிட்டதால் பச்சைத் தட்டு இறங்குகிறது. விழித்திரையோடு மூளையும் இந்த வேலையில் சேர்ந்துகொள்கிறது.

இது கண்ணின் கோளாறு அல்ல. பனி மூடிய காலையிலும், வெயில் அடிக்கும் நண்பகலிலும், மாலை மஞ்சள் வெளிச்சத்திலும் கொழுந்து கொழுந்தாகவே நமக்குத் தெரிகிறது. இலையில் இருந்து வரும் ஒளி அப்போதெல்லாம் வெகுவாக மாறுகிறது. ஆனால் சுற்றியுள்ள எல்லாவற்றின் மேலும் ஒன்றுபோல விழும் வெளிச்சத்தைக் கழித்துவிட்டு, வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்வதால் கண் தடுமாறுவதில்லை. முற்றிய இலைக்கும் கொழுந்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பிரித்துக் காட்டும் அந்தத் திறமையேதான் சேலைக்கடையில் நம்மை ஏமாற்றவும் செய்கிறது.

எங்கே அதிகம், எங்கே குறைவு?

எல்லா இடத்திலும் இது ஒரே அளவில் நடப்பதில்லை. தள்ளப்படும் நிறம் சாம்பல், கிரீம், சந்தனம் போல வலுவற்றதாக இருந்தால் மாற்றம் நன்றாகத் தெரியும். அடர்ந்த ரத்தச் சிவப்பை எதுவும் பச்சை ஆக்கிவிடாது. இரண்டு நிறங்களும் ஏறத்தாழ ஒரே வெளிச்ச அளவில் இருந்தால் சாயல் மாற்றம் கூடும். இரண்டும் ஒட்டி இருக்க வேண்டும். நடுவில் இடைவெளி விட்டால் குறையும்.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். சிவப்பு மணிலா அட்டைமேல் விரல் அகலத்துக்கு ஒரு சாம்பல் தாள் துண்டை வையுங்கள். லேசான பச்சை தெரியலாம், தெரியாமலும் போகலாம். இப்போது இரண்டையும் சேர்த்து ஒரு மெல்லிய டிஷ்யூ தாளால் மூடுங்கள். சிவப்பு வெளிறிவிடும், ஆனால் சாம்பல் துண்டு முன்பைவிடப் பச்சையாகத் தெரியும். டிஷ்யூ இரண்டின் வெளிச்சத்தையும் கிட்டத்தட்டச் சமமாக்கி, ஓரக் கோட்டையும் மழுப்பிவிடுவதே காரணம்.

காஞ்சிபுரம் நெசவாளர்களின் கோர்வைச் சேலையை இந்தக் கண்ணோடு பாருங்கள். உடலுக்கும் கரைக்கும் தனித்தனி ஓடம் ஓட்டி, இரண்டு நிறத்தையும் சேரும் இடத்தில் கோத்துவிடுகிறார்கள். ஒரு நிறம் மற்றதில் கலக்காமல் வெட்டினாற்போல நிற்பதால், உடலும் கரையும் ஒன்றையொன்று தூக்கிக் கொடுக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஜரிகைக் கோடு ஓடினால் அந்தத் தள்ளுமுள்ளு கொஞ்சம் அடங்கும். வாசலில் வெள்ளைக் கோலத்தைச் சுற்றிக் காவி இழுப்பதும் இந்தக் கணக்குத்தான். காவிக்கு நடுவில் மாவு இன்னும் வெள்ளையாகத் தெரியும்.

ஆனால் ஒரு விலக்கு உண்டு. கோடுகளும் கட்டங்களும் மிக மெல்லியதாக இருந்தால் விளைவு தலைகீழாகிவிடும். சாம்பலில் நூலளவு சிவப்புக் கோடுகள் நெருக்கமாக ஓடினால், சாம்பல் பச்சையாவதற்குப் பதில் சிவப்பை வாங்கிக்கொண்டு செம்மையாகத் தெரியும். இதைப் பெசோல்ட் விளைவு என்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டின் ஜெர்மன் அறிஞர் வில்ஹெல்ம் வான் பெசோல்ட் இதை எழுதி வைத்தார். அதனால் அகலக் கரைக்குச் சொன்னதைச் சின்னக் கட்டம் போட்ட சட்டைக்குப் பொருத்தக் கூடாது. சின்னக் கட்டத் துணியை இரண்டடி தள்ளி நின்று பார்த்து முடிவு செய்வதே சரி.

சிவப்பு சிவப்பாகப் பார்த்தால்

கடையில் இன்னொரு வகையும் நடக்கும். பத்துப் பன்னிரண்டு சிவப்புச் சேலைகளை ஒன்றன்பின் ஒன்றாக விரித்துக் காட்டுவார்கள். முதல் சேலை பளிச்சென்று இருக்கும். கடைசியில் வருவது சோபை இழந்து தெரியும். சேலையில் குறை இல்லை. சிவப்பைப் பார்த்துப் பார்த்துக் கண்ணின் சிவப்புத் தட்டு களைத்துவிட்டது. இதையும் செவ்ரல் எழுதியிருக்கிறார்: 14 சிவப்புத் துணிகளைத் தொடர்ந்து பார்த்தவருக்குக் கடைசி ஆறேழு மங்கலாகத் தெரியும், ஆகவே நடுவில் பச்சைத் துணியைக் காட்டுங்கள் என்பது அவர் வியாபாரிகளுக்குச் சொன்ன யோசனை. பச்சையைப் பார்த்துவிட்டு வந்தால் சிவப்பு இயல்பைவிடச் சற்றுத் தூக்கலாகவே தெரியும்.

வாங்குகிற நாம் செய்ய வேண்டியது அதுவும் அல்ல. பிடித்த இரண்டு மூன்றை ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு நிமிடம் வெளியே தெருவைப் பார்த்துவிட்டு வந்து மறுபடி பார்த்தால் போதும். கண் தன் நிலைக்கு வந்துவிடும்.

சுவரில் காணாமல் போன ரோஸ்

துணியாவது போகட்டும், வீட்டுக்குச் சாயம் அடிக்கும்போது வரும் நஷ்டம் பெரியது. வழக்கமாக நடப்பது இதுதான். கூடத்துச் சுவர் பழைய பச்சை. புதிதாக என்ன அடிக்கலாம் என்று பார்க்க, பெயிண்ட்காரர் அந்தப் பச்சைச் சுவர்மேலேயே உள்ளங்கை அளவுக்கு ஒரு கிரீம் பூசிக் காட்டுகிறார். லேசாக ரோஸ் ஓடிய அழகான கிரீம். வீட்டில் எல்லாருக்கும் பிடித்துப்போகிறது. டின் வாங்கி நான்கு சுவருக்கும் அடித்து முடித்தால், ரோஸைக் காணோம். வெறும் கிரீம். "வேற டின்னு குடுத்துட்டாங்க" என்று சண்டை.

டின் மாறவில்லை. பெரிய பச்சைப் பரப்புக்கு நடுவில் சின்னக் கிரீம் இருந்ததால் அது ரோஸ் பக்கம் தள்ளப்பட்டது. பச்சை முழுவதும் மூடிப்போனதும், தள்ளுவதற்கு ஆள் இல்லை. ரோஸும் போய்விட்டது.

இதைத் தவிர்க்க, புதுச் சாயத்தைப் பழைய சுவரில் பூசாமல், இரண்டடிக்கு இரண்டடி பலகையிலோ கெட்டி அட்டையிலோ இரண்டு பூச்சு அடித்துக் காயவிடுங்கள். பழைய சுவரை ஒரு வெள்ளைத் துணியால் மறைத்துவிட்டு, அதன் முன்னால் பலகையை வையுங்கள். பிறகு வீட்டில் மாறாமல் இருக்கப்போகிற பொருள்களின் பக்கத்தில் நகர்த்துங்கள்: சோபா, தரை, அலமாரி, திரைச்சீலை. அவைதான் நாளைக்கு அந்தச் சுவரின் உண்மையான அண்டை வீட்டார்.

நம் பக்கத்தில் இன்னோர் அண்டை வீட்டாரும் உண்டு: ஜன்னல். தேயிலைச் சரிவைப் பார்த்த பெரிய ஜன்னல் என்றால், பகலில் அந்தப் பச்சையை ஒட்டி இருக்கும் வெளிறிய திரைக்கும் சுவருக்கும் லேசான செம்மை கிடைக்கும். இரவில் ஜன்னல் கறுப்பாகிவிடும், செம்மையும் போய்விடும். அதனால் பலகையைப் பகலில் ஒருமுறை, விளக்குப் போட்ட பிறகு ஒருமுறை பார்க்க வேண்டும். முடிந்தால் வெயில் நாளிலும் பனி நாளிலும்.

விளக்கா, பக்கத்து நிறமா?

நிறம் மாறித் தெரிந்தால் குற்றவாளி யார் என்று கண்டுபிடிக்க ஒரு வெள்ளைத் தாள் போதும். அதில் ஐம்பது காசு அளவில் இரண்டு துளைகள் வெட்டிக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். இடத்தைவிட்டு நகராமல், ஒரு துளையைச் சேலையின் உடல்மேலும் மற்றொன்றை ரவிக்கைத் துணிமேலும் வைத்துப் பாருங்கள். கரையும் மற்ற நிறங்களும் தாளுக்கு அடியில் மறைந்துவிடும். தாள் வைத்ததும் நிறம் மாறினால், இதுவரை காட்டியது பக்கத்து நிறம். தாள் வைத்தும் மாறாமல், கடை வாசலுக்குக் கொண்டுபோனதும் மாறினால், அது விளக்கின் வேலை.

துளை காட்டும் நிறம்தான் சாயத்தின் நிறம். பொருத்தம் பார்த்துத் துணி வாங்க அதை நம்ப வேண்டும். ஆனால் உடுத்தும்போது யாரும் தாள் வைத்துப் பார்க்கப் போவதில்லை. அப்போது எப்படித் தெரியும் என்பதற்கு, கரை, ரவிக்கை, முந்தானை எல்லாவற்றையும் சேர்த்துத் தோளில் போட்டுக் கண்ணாடியில்தான் பார்க்க வேண்டும். இரண்டு கேள்விக்கும் இரண்டு சோதனை.

தோளில் போடும்போது முகமும் ஒரு பக்கத்து நிறம்தான். வெள்ளைச் சட்டைக்கு மேலே முகம் ஒரு சாயல் அடர்ந்து தெரியும். கருநீலத்துக்கு மேலே ஒரு சாயல் வெளுத்துத் தெரியும். அது முகத்தின் குணம் அல்ல, சட்டையின் வேலை. அதுபோலவே, அடர்ந்த மேனியின் பக்கத்தில் மஞ்சளும் வெள்ளையும் வெளிறிய மேனியின் பக்கத்தில் இருப்பதைவிடப் பளிச்சென்று தெரியும். "உங்க நிறத்துக்கு மஞ்சள் எடுக்காது" என்று சொல்லும் கடைக்காரர் இந்தக் கணக்கைத் தலைகீழாகப் படித்தவர்.

அந்த அக்காவின் சேலைக்கு வருவோம். பச்சை ரவிக்கைத் துணியை அவர் வேறு சேலைக்கு வைத்துக்கொண்டார். இன்னொருமுறை ஈப்போவுக்கு இறங்கவும் இல்லை. பெட்டியில் பழைய அரக்குச் சிவப்பு ரவிக்கை ஒன்று இருந்தது. கரைக்கு ஏறத்தாழப் பொருந்தியது. அதைப் போட்டு, சேலையைக் கட்டிக்கொண்டு தீபாவளி அன்று கோயிலுக்கு வந்தார். மேலே சிவப்பு ரவிக்கை, ஓரங்களில் சிவப்புக் கரை. நடுவில் அந்தச் சாம்பல், கடையில் அவர் ஆசைப்பட்ட அதே பாசி நிறத்தில் இருந்தது.